டிராயிங்ஸ்: சொந்தச் செலவுக்கு எடுக்கும் பணம்

தனி உரிமையாளர் தன் தொழிலிலிருந்து சொந்தத் தேவைக்கு எடுப்பதைக் கணக்குப்பிள்ளைகள் ‘டிராயிங்ஸ்’ என்பார்கள். கிணற்றில் நீர் இறைப்பது, வங்கியில் பணம் எடுப்பது இரண்டுக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் ‘டிரா’ என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. தமிழ்க் கணக்குப்பதிவியல் பாடநூல்களில் இதற்கு ‘எடுப்புகள்’ என்று பெயர். எடுப்பான தோற்றம், பாட்டின் எடுப்பு என்றெல்லாம் இந்தச் சொல்லுக்கு வேறு வேலைகளும் உண்டு. கணக்கேட்டில் குழப்பம் வராது.

சிலர் இதைச் ‘சம்பளம்’ என்கிறார்கள், அது சரியல்ல. சம்பளம் தொழிலின் செலவு, லாபத்தைக் கணக்கிடும் முன்பே கழியும். எடுப்பு செலவே அல்ல, உரிமையாளர் போட்ட முதலிலிருந்து கழிவது. கடைச் சரக்கை வீட்டுக்குக் கொண்டுபோனாலும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைத் தொழில் கணக்கிலிருந்து கட்டினாலும் எடுப்புதான். (நிறுவனமாகப் பதிவான தொழிலில் இயக்குநர் சம்பளம் வாங்கலாம், அது வேறு கதை.)

சரி, மாதம் எவ்வளவு எடுக்கலாம்? விற்பனையைப் பார்த்து முடிவு செய்வதுதான் வழக்கமான தவறு. லாபத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. கடனின் வட்டி லாபக் கணக்கில் கழிந்திருக்கும், அசல் தவணை கழிந்திருக்காது.

ஒரு கடையில் ஒன்பது மாதம் லாபம் 80,000, மந்தமான மூன்று மாதம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் கடன் அசலுக்கு 15,000, வரிக்கு 10,000, சரக்குக்கும் பழுதுக்கும் 15,000 ஒதுக்க வேண்டும். அப்புறம் நல்ல மாதத்தில் 40,000 மிஞ்சும், மந்த மாதத்தில் 10,000தான். ஆண்டுக்கு 3,90,000, மாதச் சராசரி 32,500. நான் 30,000 என்று நிறுத்துவேன். நல்ல மாதங்களில் மிஞ்சும் பத்துப் பத்தாயிரம், ஆக 90,000, மந்த மாதங்களின் 60,000 பற்றாக்குறையை அடைக்கும். மீதி 30,000 கையிருப்பு. ஆனால் மந்த மாதங்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே வந்தால் அந்த 60,000 முன்கூட்டியே இருக்க வேண்டும். தொகையை ஒரே தேதியில் சொந்தக் கணக்குக்கு மாற்றிவிட்டால் கல்லாவில் கைவைக்கும் தேவை குறையும்.

வீட்டுக்கு 45,000 வேண்டுமென்றால்? ஆண்டுக்கு 5,40,000 ஆகும், 1,50,000 துண்டு விழும். சரக்குக்கும் பழுதுக்கும் ஆண்டு முழுக்க ஒதுக்குவதே 1,80,000. அதில் பெரும்பகுதி அங்கே போய்விடும். லாபக் கணக்கு இதைக் காட்டாது, ஏனென்றால் எடுப்பு அதில் வருவதே இல்லை. எடுப்பு கழிவது முதல் கணக்கில்தான், ஆனால் ஆண்டு லாபம் 8,70,000 என்பதால் இந்தக் கடையில் முதலும் சுருங்காது. கையில் மிஞ்சும் பணம் மாதாமாதம் சுருங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே இன்னொன்று தெரிந்துவிடும்: 30 நாளில் பணம் வாங்கிக்கொண்டிருந்த சரக்கு வியாபாரி 50ஆவது நாள் போன் செய்து கேட்டுக்கொண்டிருப்பார்.