ராஜினாமாக் கடிதத்தை அனுப்பும் முன் அப்பாவின் காப்பீட்டைப் பாருங்கள்

இந்த மாதம் எங்கள் எச்.ஆர். பிரிவுக்கு வந்த மூன்றாவது ராஜினாமா இது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: ஊரில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உடம்பு ரொம்ப மோசம், கூட இருந்து பார்க்க வேண்டும். பெங்களூரில் இருக்கும் நம் பிள்ளைகள் பதற்றத்தில் முதலில் வேலையைத்தான் விடுகிறார்கள். தயவுசெய்து ஒரு வாரம் பொறுங்கள்.

“பெற்றோருக்கான பிரீமியத்தை வருடம் முழுவதற்கும் பிடித்துவிட்டார்கள், வேலையை விட்டாலும் பாலிசி முடியும்வரை காப்பீடு இருக்கும்” என்று பலரும் நம்புகிறார்கள். இருக்காது. அது நிறுவனம் எடுத்த குழுக் காப்பீடு. உங்கள் வழியாகத்தான் அப்பா அதில் இருக்கிறார். வழக்கமாக, கடைசி வேலைநாளோடு உங்கள் பெயரை நீக்குவார்கள். அவர் பெயரும் கூடவே போய்விடும். பிரீமியம் கட்டியதும் நீங்கள் ஊழியராக இருப்பதும் வேறு வேறு விஷயம். அதன்பின் பக்கவாதம் வந்த எழுபது வயதுக்காரருக்குத் தனிப் பாலிசி கேட்டால் மறுக்கலாம். தந்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டுவரை காத்திருக்க வைக்கலாம். அவருக்கு மருத்துவமனை தேவைப்படும் மாதங்களில்தான் நீங்கள் அவரைக் காப்பீட்டிலிருந்து வெளியேற்றுகிறீர்கள்!

ஒருவரின் நிலையைப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 52,000 ரூபாய், பணிக்காலம் 4 ஆண்டு 4 மாதம், கையில் 28 நாள் ஈட்டிய விடுப்பு. அப்பா திருநெல்வேலியில் ஐ.சி.யு.வில். இன்றே விலகினால் காப்பீடு போவதோடு, 5 ஆண்டு நிறையாததால் கிராஜுவிட்டியும் இல்லை. 28 நாளை முதலில் எடுத்து, பிறகு 3 மாதம் சம்பளமில்லா விடுப்புக்கு அனுமதி வாங்கினால் பணித்தொடர்ச்சி முறியாது. திரும்பி வந்து 5 ஆண்டை நிறைவு செய்தால் 52,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 5-ஆலும் பெருக்க வேண்டும்: 1,50,000 ரூபாய்.

தனியார் துறையில் பெற்றோரைப் பராமரிக்கவென்று தனி விடுப்பைத் தரச் சொல்லும் மத்தியச் சட்டம் இல்லை. அதனால் நீங்கள்தான் கேட்க வேண்டும். மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறாதீர்கள். பிறகு “சொல்லாமல் போனார்” என்று பதிவாகிவிடும். மருத்துவரின் கடிதத்தோடு, தொடங்கும் தேதியும் திரும்பும் தேதியும் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிலில் மூன்று விஷயம் எழுத்தில் வர வேண்டும்: விடுப்பு அனுமதிக்கப்பட்டது, பணித்தொடர்ச்சி உண்டு, பெற்றோர் காப்பீடு தொடரும். பிரீமியத்தை மாதத் தவணையாகப் பிடிப்பதாக இருந்தால், சம்பளம் இல்லாத மாதங்களில் அவர்களுக்கான தவணையைப் பிடிக்க வழியிருக்காது. எப்படிக் கட்டுவது என்று அப்போதே கேளுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் டிஸ்சார்ஜ் நாளில் பில்லோடு நிற்கிறார்கள்.

கைச்செலவுக்கு பி.எஃப். கணக்கை மூட வேண்டியதில்லை. பெற்றோரின் சிகிச்சைக்கென்று பணியில் இருந்தபடியே படிவம் 31-இல் முன்பணம் கேட்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் விலகித்தான் ஆக வேண்டுமென்றால், கடைசி வேலைநாளுக்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்திடம் அப்பாவைத் தனிப் பாலிசிக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பியுங்கள். கட்டாயம் ஏற்பார்கள் என்றில்லை. அவர்கள் பதில் வரும்வரை விலகும் தேதியை முடிவு செய்யாதீர்கள்.