மாத்திரையை நிறுத்தியதும் மாமாவுக்கு ஏன் எரிந்தது?

என் தாய்மாமாவுக்குக் குடியாத்தத்தில் ஜவுளிக்கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டில் ஆம்பூர் பிரியாணிதான்: சீரகச் சம்பா, ஆட்டுக்கறி, பக்கத்தில் எண்ணெய்க் கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி. நெஞ்செரிச்சலுக்காக இரண்டு ஆண்டுகளாகத் தினம் ஒரு பான்டோபிரசோல் மாத்திரையும் போட்டு வந்தார். அதை நெடுநாள் சாப்பிட்டால் எலும்பு தேயும் என்று யாரோ சொல்ல, ஒரே நாளில் நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் முதல் மாத்திரைக்கு முன்பு இருந்ததைவிட மோசமான எரிச்சல். "பார்த்தாயா, மாத்திரை இல்லாமல் என் வயிறு வேலை செய்யாது" என்றார்.

உண்மையில் அவர் வயிறு அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தது. அது புரிய, அந்தப் பிரியாணியின் பின்னாலேயே கொஞ்ச தூரம் போக வேண்டும்.

இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் வாயை ஒட்டி, இரைப்பையின் உள்தோலில் ஜி செல்கள் இருக்கின்றன. கறியின் புரதம் உடைந்து வரும் துணுக்குகள் இவற்றைத் தொட்டதும், காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், காஸ்ட்ரின் சில அங்குலம் மேலே இருக்கும் அமிலச் செல்களுக்குத்தான் போக வேண்டும். ஆனால் நேராகப் போக வழியில்லை. இரத்தத்தோடு கல்லீரல், இதயம், நுரையீரல் எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பவும் இரைப்பைக்கே வருகிறது.

வந்த பிறகும் அது பெரும்பாலும் அமிலச் செல்லிடம் நேராகப் பேசுவதில்லை. அருகில் ஹிஸ்டமின் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. காஸ்ட்ரின் அவற்றைத் தட்டுகிறது, அவை விடும் ஹிஸ்டமின் அமிலச் செல்லைத் தட்டுகிறது. சளிக்கும் அரிப்புக்கும் நாம் பழி சொல்லும் அதே ஹிஸ்டமின்தான்.

நிறுத்துவது யார்? அமிலமேதான். சாப்பிட்ட உடனே கறியும் சோறும் அமிலத்தை உறிஞ்சிக்கொள்வதால் இரைப்பைக்குள் புளிப்பு குறைந்து நிற்கும். காஸ்ட்ரின் தடையின்றி வரும். உணவு கீழே இறங்க இறங்க அமிலம் மிஞ்சுகிறது. பிஹெச் அளவு 3-க்குக் கீழே போனதும் பக்கத்துச் செல்கள் சோமடோஸ்டாடின் என்ற தடைப்பொருளைச் சுரந்து ஜி செல்களை அடக்குகின்றன. தொட்டி நிறைந்ததும் மிதவை எழுந்து குழாயை மூடுவதைப் போல.

மாமாவின் மாத்திரை அமிலச் செல்லின் பம்பையே அடைத்துவிடுகிறது. அமிலம் வராததால் மிதவை எழவே இல்லை. ஜி செல்கள் இரவு பகலாக காஸ்ட்ரினை விட்டபடி இருக்கின்றன. காஸ்ட்ரினுக்கு இன்னொரு குணமும் உண்டு: ஹிஸ்டமின் செல்களைத் தூண்டுவதோடு நிற்காமல், அவற்றைப் பெருக்கவும் செய்யும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் அந்தச் செல் கூட்டம் பருத்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் புதிய பம்புகள் வந்துவிடும். பருத்த ஹிஸ்டமின் செல்கள் இளைக்கவோ வாரக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் மாமா மாட்டிக்கொண்டார். நெஞ்செரிச்சலே இல்லாத ஆட்களுக்கு எட்டு வாரம் மாத்திரை கொடுத்து நிறுத்தியபோது அவர்களில் பலருக்கும் எரிச்சல் வந்திருக்கிறது. ஆக, எரிந்ததை வைத்துப் பழைய நோய் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது.

பிரியாணி இதற்குள் முன்சிறுகுடலுக்கு வந்துவிட்டது. இரைப்பை தாங்கும் அமிலத்தை இந்த இடம் தாங்காது. பிஹெச் 4.5-க்குக் கீழ் போனால் இங்குள்ள எஸ் செல்கள் செக்ரிடினை விடுகின்றன. அது கணையத்தின் நாளச் செல்களுக்குப் போய், இரத்தத்தில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு வரை பைகார்பனேட் செறிந்த நீரைச் சுரக்க வைக்கிறது. நம் சமையலறைச் சோடா உப்பில் இருப்பதும் இதே பைகார்பனேட்தான். அமிலம் முறிந்ததும் எஸ் செல்களுக்கு வேலையில்லை.

மனிதன் கண்டறிந்த முதல் ஹார்மோன் இந்தச் செக்ரிடின்தான். 1902 ஜனவரி 16 அன்று லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டு அதில் அமிலம் விட்டார்கள். நரம்பே இல்லாவிட்டாலும் கணையம் சுரந்தது. உடனே குடலின் உள்தோலைச் சுரண்டி, மணலோடும் அமிலத்தோடும் அரைத்து, வடிகட்டி, நாயின் இரத்தக்குழாயில் செலுத்தினார்கள். மீண்டும் சுரந்தது. நரம்புதான் எல்லாவற்றையும் ஆள்கிறது என்று நம்பிய காலம் அது. 'ஹார்மோன்' என்ற சொல்லை ஸ்டார்லிங் 1905-இல்தான் பயன்படுத்தினார். காஸ்ட்ரினை எட்கின்ஸ் அறிவித்ததும் அதே ஆண்டில்.

மூன்றாவது ஹார்மோனுக்கு வாயில் நுழையாத பெயர்: கோலிசிஸ்டோகைனின். சுருக்கமாக சிசிகே. நெய்யும் கறிக்கொழுப்பும் உடைந்த கொழுப்பமிலங்களும் புரதத் துணுக்குகளும் முன்சிறுகுடலின் ஐ செல்களைத் தொடும்போது இது வரும். பித்தப்பையைச் சுருக்கிப் பித்தநீரைப் பிழிகிறது, வழியில் இருக்கும் வால்வைத் தளர்த்துகிறது, கணையத்தின் நொதிச் செல்களையும் எழுப்புகிறது. கடைசி வேலையை மனிதரில் பெரும்பாலும் வேகஸ் நரம்பின் மூலமாகச் செய்துகொள்கிறது. பித்தப்பையில் கல் இருப்பவருக்குக் கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலா எலும்புக்கடியில் வலி வருவது இதனால்தான். பை சுருங்கும்போது கல் போய் வாயை அடைக்கிறது.

இன்னொன்றும் செய்கிறது: இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. காலை இட்லி பதினோரு மணிக்கே கரைந்துபோக, மதியப் பிரியாணி மாலை வரை கிண்ணென்று நிற்பதில் சிசிகேவுக்குப் பெரிய பங்கு உண்டு. காஸ்ட்ரினும் சிசிகேவும் தூரத்துச் சொந்தமல்ல, உடன்பிறப்புகள். இரண்டின் வாலிலும் கடைசி ஐந்து அமினோ அமிலங்கள் ஒன்றே. ஆனால் பித்தப்பையில் இருக்கும் ஏற்பி சிசிகேவின் வாலருகில் ஒட்டியிருக்கும் சல்பேட்டைத் தேடுவதால், காஸ்ட்ரினை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை.

மாமா கடைசியில் வேலூரில் ஒரு மருத்துவரைப் பார்த்தார். மீண்டும் மாத்திரையில் இருந்தபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில் காஸ்ட்ரின் மில்லிலிட்டருக்கு 310 பிகோகிராம். நூறுக்குள் இருக்க வேண்டியது. காஸ்ட்ரின் சுரக்கும் கட்டி ஒன்று உண்டு என்று அறிக்கையைப் படித்த மருமகன் சொல்லிவிட, வீடே கலங்கியது. மருத்துவர் பதறவில்லை. கட்டியென்றால் காஸ்ட்ரினும் கூடும், அமிலமும் கூடும்; மாத்திரையால் என்றால் காஸ்ட்ரின் கூடும், அமிலம் குறையும். எண்ணை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. சந்தேகம் தீராவிட்டால் செக்ரிடினை ஊசியாகப் போட்டுப் பார்ப்பார்கள்: சாதாரண ஜி செல்கள் அதற்கு அசையாது, கட்டியோ நிமிடங்களில் காஸ்ட்ரினைக் கொட்டும்.

மாமாவுக்கு அந்த ஊசி தேவைப்படவில்லை. புண்ணோ இரத்தக்கசிவோ இல்லை, வலி மாத்திரைகளும் எடுப்பதில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, மருத்துவர் மாத்திரையின் அளவைப் பாதியாக்கினார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு எரிந்தால் மட்டும் ஒரு அமிலமுறி மருந்து. ஆறேழு வாரம் ஆயிற்று. நிறுத்திய பிறகு எடுத்த பரிசோதனையில் காஸ்ட்ரின் 80. ஞாயிறு பிரியாணி நிற்கவில்லை. இரவுக்கு மீதி வைத்துச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதை மட்டும் அத்தை தடுத்துவிட்டார்.