மூன்றே நாளில் மூட்டுவலி போனது எப்படி?

மூட்டுத் தேய்மானத்தால் பல ஆண்டுகளாக அவதிப்படும் ஒருவருக்கு, மூலிகை என்று சொல்லி விற்கப்படும் ஒரு கேப்சூல் மூன்றே நாளில் வலியை முழுவதும் நீக்கிவிட்டால், மகிழ்வதற்கு முன் அந்தக் கேப்சூலின் மீது சந்தேகம் கொள்ள வேண்டும். தேய்ந்த மூட்டைத் தேற்றும் மூலிகை எதுவும் அவ்வளவு விரைவாக வேலை செய்வதில்லை. அவ்வளவு விரைவாக வேலை செய்யக்கூடியது ஸ்டீராய்டு.

மூலிகை என்று விற்கும் பொருளில் ஸ்டீராய்டை மறைத்துச் சேர்க்கும் இந்தக் கலப்படம் பல நாடுகளில் ஆய்வகச் சான்றுடன் கண்டறியப்பட்டிருக்கிறது. மூட்டு நலத்துக்கான உணவுத் துணைப்பொருள் என்று இணையத்தில் விற்பனையான ஆர்ட்ரி கிங் என்ற மாத்திரையில், லேபிளில் குறிப்பிடாத டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணியும் இருப்பதாக 2022-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அந்த மாத்திரை இங்கே கிடைக்காமல் இருக்கலாம். ஆனால் அதே உத்தியைக் கையாள்வது எவருக்கும் எளிது, ஏனெனில் டெக்ஸாமெத்தசோன் மிகவும் மலிவானது. மிகச் சிறிய அளவே போதும்.

ஓர் எடுத்துக்காட்டாக, உசிலம்பட்டிப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கும் ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். முழங்கால் வலிக்காக அவர் அமுக்கரா, முடக்கத்தான் என்று லேபிள் ஒட்டிய கேப்சூல் ஒன்றை வாட்ஸ்அப் விளம்பரம் பார்த்துக் கூரியரில் வரவழைக்கிறார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று சாப்பிடுகிறார். ஒவ்வொன்றிலும் 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மறைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் உடல் நாள்தோறும் கார்டிசால் என்ற ஹார்மோனைத் தானாகவே சுரக்கிறது. அதற்கு ஈடாக மருந்து கொடுக்க நேர்ந்தால் பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு கார்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் 15 முதல் 25 மில்லிகிராம் போதும். டெக்ஸாமெத்தசோன் 0.75 மில்லிகிராம், ஹைட்ரோகார்டிசோன் 20 மில்லிகிராமுக்குச் சமமான வலிமை உடையது. அப்படியானால் அந்த இரண்டு கேப்சூல்கள் ஏறத்தாழ 53 மில்லிகிராமுக்குச் சமம். உடலுக்கு வேண்டியதைப் போல இரண்டு முதல் மூன்றரை மடங்கு.

முதல் வாரத்தில் எல்லாம் நன்மையாகவே தெரியும். வீக்கம் வற்றும், வலி அடங்கும், பசி எடுக்கும், மனம் உற்சாகமாக இருக்கும். இரவில் தூக்கம் மட்டும் குறையும். சில வாரங்கள் கழிந்ததும் முகம் உருண்டு பருக்கத் தொடங்கும். பார்ப்பவர்கள் "உடம்பு தேறிவிட்டதே" என்று சொல்வார்கள், அவரும் அதை மருந்தின் குணம் என்றே நம்புவார். இதே காலத்தில் இரத்தச் சர்க்கரை ஏறலாம், தோல் மெலிந்து சிறு இடிபட்டாலும் கன்றிப்போகலாம், தொடைத் தசை வலுவிழந்து தரையில் உட்கார்ந்து எழுவதே சிரமமாகலாம். முழங்கால் வலிக்காகத் தொடங்கிய மருந்து எழுந்து நிற்கும் வலிமையைப் பறிப்பதை வயதின் மேல் போட்டுவிடுவது எளிது என்பதால், காரணம் நெடுநாள் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

ஆயினும் பெரிய ஆபத்து மருந்தை நிறுத்தும்போதுதான் வருகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இரத்தத்தில் ஸ்டீராய்டு போதுமான அளவு இருப்பதை உணர்ந்தால், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்து கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடும். கட்டளை வாரக்கணக்கில் வராவிட்டால் அட்ரினல் சுருங்கி வேலையை மறந்துவிடும். கேப்சூல் தீர்ந்து, அடுத்த கூரியர் வராத நாள்களில் சோர்வு, குமட்டல், தலைசுற்றல், உடல்வலி எல்லாம் சேர்ந்து வரும். மூட்டுவலியும் திரும்பும். மருந்து நின்றதால்தான் இப்படி என்று அவர் மேலும் ஒரு டப்பா வாங்குவார். அவர் நினைப்பது ஒருவகையில் சரியே என்பதுதான் இந்தக் கலப்படத்தின் கொடுமை. இந்த நிலையில் கடும் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ குறுக்கிட்டால், கூடுதல் கார்டிசாலைச் சுரக்க இயலாமல் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, இத்தகைய பொருளைச் சில வாரங்களாகச் சாப்பிட்டவர் சந்தேகம் வந்ததும் சட்டென்று நிறுத்திவிடாமல், டப்பாவை எடுத்துக்கொண்டு மறுநாளே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வாந்தியும் மயக்கமும் இருந்தால் அன்றே மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவர் கணக்கிட்ட அளவில் வேறு ஸ்டீராய்டு கொடுத்து, அட்ரினல் விழிக்கும் வரை படிப்படியாகக் குறைப்பார்.

மருத்துவர் இதைக் கண்டறிவதற்கு ஒரு முரண்பாடு உதவுகிறது. முகமும் தோலும் ஸ்டீராய்டு மிகுந்தவரைப் போல இருக்கும். காலை எட்டு மணிக்கு எடுத்த இரத்தத்திலோ கார்டிசால் மிகக் குறைவாக இருக்கும். டெக்ஸாமெத்தசோன் அந்தச் சோதனையில் பெரும்பாலும் தென்படாது. உடல் தானாகச் சுரப்பது அற்றுப்போயிருப்பதை மட்டுமே சோதனை காட்டும். அந்த நேரத்தில் "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்வது, பல விலையுயர்ந்த ஸ்கேன்களை மிச்சப்படுத்தும்.

கலப்படத்தைக் கண்ணாலோ நாக்காலோ அறிய முடியாது. 500 மில்லிகிராம் பொடியில் 1 மில்லிகிராம் என்பது 0.2 சதவீதம்தான். கையால் கலக்கும்போது இந்தச் சிறு அளவு எங்கும் சமமாகப் பரவாது. ஒரு கேப்சூலில் ஒன்றுமே இல்லாமலும் அடுத்ததில் பல மடங்காகவும் இருக்கலாம். எனவே ஒரே ஒரு கேப்சூலைச் சோதித்துச் சுத்தம் என்று வந்த முடிவு டப்பா முழுவதற்கும் பொருந்தாது. விற்பவர் காட்டும் ஆய்வகச் சான்றிதழிலும் எவை தேடப்பட்டன என்று பார்க்க வேண்டும். ஈயம், பாதரசம், கிருமிகள் ஆகியவற்றுக்கான சான்றிதழ் ஸ்டீராய்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

லேபிளில் பார்க்க வேண்டியவை சிலவே. சித்த மருந்தாக இருந்தால் தயாரிப்பாளரின் மருந்து உற்பத்தி உரிம எண்ணும், முகவரியும், தொகுதி எண்ணும், சேர்க்கைப் பொருள்களின் பட்டியலும் இருக்க வேண்டும். உணவுத் துணைப்பொருளாக இருந்தால் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வழங்கும் 14 இலக்க எண் இருக்கும், அதை அந்த ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். உணவு என்று உரிமம் பெற்றுவிட்டு நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யும் பொருள், தான் பெற்ற உரிமத்துக்கே மாறாகப் பேசுகிறது. உரிமம் இருப்பதால் மட்டும் கலப்படம் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் உரிமமே இல்லாமல், லேபிள் இல்லாத பாக்கெட்டில் கட்டிக் கொடுக்கப்படும் கேப்சூலுக்கு யாரும் பொறுப்பேற்கப் போவதில்லை. என் பார்வையில் லேபிளைவிட உறுதியான அறிகுறி மருந்து செயல்படும் வேகம்தான்: ஓரிரு நாளில் வலி மறைவது, திடீர்ப் பசி, தூக்கமின்மை, நிறுத்தியதும் முன்னைவிடக் கடுமையாக வலி திரும்புவது ஆகியவை சேர்ந்து வந்தால் சந்தேகத்துக்கு அதுவே போதும். முறையாகப் படித்த சித்த மருத்துவர்களிடம் காட்டினாலும் இதையே சொல்வார்கள். அவர்களுடைய மருத்துவத்தின் பெயரைக் கெடுப்பதும் இந்தக் கேப்சூல்கள்தான்.

மீதமுள்ள கேப்சூல்களைத் தூக்கி எறியாமல், டப்பா, பில், கூரியர் உறை, விளம்பரத்தின் படம் ஆகியவற்றுடன் சேர்த்து வைத்திருங்கள். மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கும்போது இவை சான்றாகும். மருந்தால் ஏற்பட்ட தீங்கை 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணிலும் பதிவு செய்யலாம். எந்தத் தேதியில் தொடங்கி, ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிட்டீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள், அங்கும் மருத்துவமனையிலும் அதையே முதலில் கேட்பார்கள்.