மூலம் இல்லை என்பதால் உடையாது என்று எழுதாதீர்கள்

வேலூரைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் பி.எஸ்ஸி. கணிதம் படிக்கும் பிள்ளைகள் காட்பாடிக்கு என்னிடம் டியூஷன் வருகிறார்கள். போன வாரத் தேர்வில் x⁴ + 4 விகிதமுறு எண்களின் மேல் காரணிப்படுமா என்று கேட்டிருந்தேன். ஆரணியிலிருந்து வருகிறவர், குடியாத்தத்திலிருந்து வருகிறவர், எல்லாரும் ஒரே வரியை எழுதியிருக்கிறார்கள்: “மெய் மூலம் இல்லை, ஆகவே இர்ரெட்யூசிபிள்.” இதை எத்தனை முறைதான் சிவப்பு மையில் அடிப்பது?

மெய் மூலம் இல்லை என்பது சரி. அந்த “ஆகவே”தான் தப்பு. மூலம் இல்லை என்றால் ஒருபடிக் காரணி இல்லை, அவ்வளவுதான். நாற்படிக் கோவை இரண்டு இருபடிக் கோவைகளாக உடையலாமே! 4x²-ஐக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்:

x⁴ + 4 = (x² + 2)² − (2x)² = (x² + 2x + 2)(x² − 2x + 2)

இரண்டு காரணிகளிலும் முழு எண் கெழுக்கள்தான். இரண்டுக்கும் தன்மைகாட்டி −4, அதனால் மெய் மூலம் கிடையாது. ஆனாலும் கோவை உடைந்துவிட்டது. x = 10 போட்டால் 10004 = 122 × 82. நம்பாதவர்கள் பெருக்கிப் பார்க்கட்டும்.

பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் எங்கே தொற்றியது என்று தெரியும். இருபடி, முப்படிக் கோவைகளில் அந்தச் சோதனை செல்லும். 2-ஐயோ 3-ஐயோ எப்படிப் பிரித்தாலும் ஒரு பங்கு 1 ஆகத்தான் வேண்டும். அந்த ஒருபடிக் காரணி ஒரு மூலத்தைக் கொடுத்துவிடும். 4 அப்படியல்ல, 2 + 2 என்றும் பிரியும். விகிதமுறு மூலத் தேற்றத்தைப் போட்டு ±1, ±2, ±4 எல்லாம் தேறவில்லை என்று காட்டினாலும் அது பாதி வேலைதான்.

சரி, இப்போது x⁴ + 1. பார்க்க அதே முகம்தான். இதே வித்தையில் 2x²-ஐக் கூட்டிக் கழித்தால்

x⁴ + 1 = (x² + √2 x + 1)(x² − √2 x + 1)

√2 நுழைந்துவிட்டது. மெய்யெண்களின் மேல் உடைகிறது. விகிதமுறு எண்களின் மேல்? “√2 வந்தது, அதனால் உடையாது” என்று எழுதினால் அதற்கும் நான் மதிப்பெண் போடமாட்டேன். வேறு வழியில் உடையாது என்று யார் சொன்னது? அதைக் காட்ட வேண்டும்.

காட்டுவது சுலபம். கலப்பெண்களின் மேல் இது நான்கு ஒருபடிக் காரணிகளாகப் பிரியும். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்க்க மூன்றே வழி. ஒன்று மேலே எழுதியது. மற்றொன்று (x² + i)(x² − i). மூன்றாவது (x² + i√2 x − 1)(x² − i√2 x − 1). மூன்றிலும் விகிதமுறு அல்லாத கெழு இருக்கிறது. காரணிப்படுத்தல் ஒரே விதமாகத்தான் அமையும் என்பதால் நான்காவது வழி எங்கிருந்தும் வராது. விகிதமுறு ஒருபடிக் காரணிக்கும் இடமில்லை, மெய் மூலமே கிடையாதே. ஆகவே x⁴ + 1 விகிதமுறு எண்களின் மேல் பகுக்க முடியாதது. இங்கே போடுங்கள் “ஆகவே”.

இந்த இடத்தில் பெரிய தலைகளும் சறுக்கியிருக்கின்றன. x⁴ + a⁴ என்பதை மெய் இருபடிக் காரணிகளாக உடைக்க முடியாது என்று லைப்னிட்ஸே 1702-இல் எழுதினார். அவருக்கு விட்டுக்கொடுக்கலாம். மெய்க் கெழுக் கோவையில் கலப்பு மூலங்கள் இணை இணையாக வரும் என்று படித்து முடித்த நமக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு இணையும் ஒரு மெய் இருபடிக் காரணி தருகிறது. அதனால் மெய்யெண்களின் மேல் பகுக்க முடியாதவை ஒருபடிக் கோவைகளும், தன்மைகாட்டி எதிர்மமான இருபடிக் கோவைகளும் மட்டுமே. கலப்பெண்களின் மேல் ஒருபடி மட்டும். விகிதமுறு எண்களின் மேலோ எந்தப் படியிலும் உண்டு. X¹⁰⁰ − 2 கூட ஐசன்ஸ்டைன் சோதனைப்படி உடையாது.

இன்னும் ஒரு வேண்டாத குறுக்குவழி. 10001 = 73 × 137 என்று காட்டி x⁴ + 1 உடையும் என்று ஒரு தம்பி வாதாடினார். ஒரு மதிப்பு பகு எண்ணாக வருவதால் கோவை உடைந்துவிடாது. 2x² + 2 = 2(x² + 1) என்று எழுதிக் காரணிப்படுத்திவிட்டேன் என்பதும் அப்படித்தான்; இந்த மூன்று களங்களிலும் 2-க்குத் தலைகீழ் உண்டு, அது காரணிக் கணக்கில் சேராது.

தயவுசெய்து, விடைத்தாளில் “இர்ரெட்யூசிபிள்” என்று மொட்டையாக எழுதாதீர்கள். எதன் மேல் என்று முதலில் எழுதுங்கள். கேள்வியில் ℝ என்றிருந்து படி 3 அல்லது அதற்கு மேல் என்றால் யோசிக்கவே வேண்டாம், உடையும். ℚ என்றிருந்து படி 4 என்றால், மூலம் தேடி முடித்த பிறகு (x² + ax + b)(x² + cx + d) என்று வைத்துக் கெழுக்களை ஒப்பிட்டுப் பார்க்காமல் பேனாவை மூடாதீர்கள்.