ஹார்மனி: ஒத்திசைவும் மூன்றாம் சுரமும்

ஹார்மனிக்கு மூலம் 'ஹார்மோனியா' என்ற கிரேக்கச் சொல். அதன் வேர் 'ஹார்மோஸ்', அதாவது மூட்டு, பொருத்து. கிரேக்கர்கள் இசையில் இதைச் சுரவரிசை அமைப்புக்கே வழங்கினார்கள். வெவ்வேறு சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது என்ற பொருள் பிற்காலத்தது.

தமிழில் 'ஒத்திசைவு' என்பதே சரியான சொல். சுருதி சேர்வது வேறு. நாகஸ்வரத்தோடு ஒலிக்கும் ஒத்தும் வேறு. அது ஒரே சுரத்தில் நிற்கும். ஒத்திசைவில் இரண்டாவது குரலும் மெட்டோடு நகர்கிறது.

இதில் எளிய வகை, 'தேர்ட்ஸ்' பாடுவது. மெட்டின் சுரத்தையும் சேர்த்து எண்ணினால் மூன்றாவதாக வரும் சுரத்தை அடுத்த குரல் பிடிக்கும். இதைக் கிளை என்றோ நட்பு என்றோ பெயர்த்தால் பிழை. பழந்தமிழ் இசையில் சுரத்தை நரம்பு என்பார்கள். அதில் கிளை ஐந்தாம் நரம்பு, நட்பு நான்காம் நரம்பு; மூன்றாம் நரம்பை உரைகாரர்கள் பகையில் சேர்த்தார்கள். 'மூன்றாம் சுரம்' என்று நேராகச் சொல்வதே நல்லது.

சங்கராபரணத்தில், மூன்று பேர் பாடுவதாக வைத்துக்கொள்வோம். இருவர் மெட்டு, ஒருவர் மேல்குரல். மேல்குரல் எளிதில் தூக்கிக் கேட்கும் என்பதால் அதற்கு ஒருவர் போதும்.

மெட்டு: ச ரி க ம ப ம க ரி ச
மேல்குரல்: க ம ப த நி த ப ம க

புதிதாகப் பாடுபவர் 'ச–க' தூரத்தையே எல்லாச் சுரத்துக்கும் வைப்பார். அந்தத் தூரம் 4 அரைச்சுரம். 'ரி–ம' 3 தான். ரி-க்கு மேலும் 4 வைத்தால் பிரதி மத்தியமம் வந்து ராகமே கெடும். இன்னொரு தவறு, நாலைந்து சுரத்தில் மேல்குரல் மெட்டுக்குள் வழுக்கி விழுவது. ஒவ்வொரு சுரத்தையும் மெட்டைக் கேட்டுத் தேடுவதால் வருவது இது. மேல்குரலைத் தனிப் பாட்டாகவே மனப்பாடம் செய்யுங்கள். முதலில் தம்புராவோடு தனியாகவும், பிறகு மெட்டு மெல்ல ஒலிக்க, கடைசியில் சம அளவிலும் பாடுங்கள்.

காந்தாரத்தைக் கீபோர்டிலிருந்து எடுக்காதீர்கள். ச 240 ஹெர்ட்ஸ் என்றால், இயல்பாகப் பொருந்தும் க 300. கீபோர்டில் அது ஏறக்குறைய 302.4. மெட்டு ச-வையும் மேல்குரல் க-வையும் 'ஆ' என்று நீட்டிப் பிடித்தால், கீபோர்டு காந்தாரத்தில் நொடிக்கு 9, 10 முறை ஒலி துடிப்பது கேட்கும். மேல்குரல் மிக மெதுவாக இறங்கட்டும். துடிப்பு குறைந்து நிற்கும் இடமே சரியான காந்தாரம்.

கடைசியாக, மூன்றாம் சுரத்தை விட வேண்டிய இடம். மெட்டு ப-வில் நீண்டு நிற்க, பக்கவாத்தியம் ச–க–ப பிடித்திருந்தால், மேல்குரலின் நி அருகிலுள்ள ச-வோடு உரசும். அங்கே நி-க்குப் பதில் மேல் ச பாடி, மெட்டு ம-வுக்கு இறங்கும்போது த-வுக்கு வந்துவிடலாம்.