முதன்மைக் கூறு பகுப்பாய்வு: ‘கூறு’ என்பது எதன் கூறு?

பல நெடுவரிசைகள் கொண்ட தரவைச் சில திசைகளில் சுருக்கிக் காட்டும் புள்ளியியல் முறையான பிரின்சிபல் காம்பொனன்ட் அனாலிசிஸ் என்பதைத் தமிழில் ‘முதன்மைக் கூறு பகுப்பாய்வு’ என்கிறோம். சொல்லுக்குச் சொல் சரியான பெயர்தான். ஆனாலும் ‘கூறு’ என்றதும் நமக்குக் கூறு போடுவதுதான் நினைவுக்கு வரும். இருப்பதைப் பிரித்து ஒரு பகுதியை எடுப்பது என்றே பொருள் கொள்வோம். அதனால் புதிதாகப் படிப்பவர் பலர், அட்டவணையில் உள்ள நெடுவரிசைகளில் முக்கியமானவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கும் முறை இது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் இங்கே கூறு என்பது ஒரு புதிய திசை. எல்லா நெடுவரிசைகளையும் வெவ்வேறு அளவில் கலந்து பெறப்படுவது.

இந்தக் கருத்தைப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1901-இல் வடிவியல் வழியில் முன்வைத்தார். சிதறிக் கிடக்கும் புள்ளிகளுக்கு மிக நெருக்கமாகச் செல்லும் கோடு எது என்பது அவருடைய கேள்வி. ‘முதன்மைக் கூறு’ என்ற பெயரில் முறையை விரிவாக அமைத்தவர் புள்ளியியலாளர் ஹெரால்டு ஹோட்டலிங், ஆண்டு 1933. உளவியலார் அப்போது ‘காரணி’ என்ற சொல்லை வழங்கிவந்தனர். கணிதத்தில் அச்சொல்லுக்கு வேறு பொருள்கள் இருப்பதால், குழப்பத்தைத் தவிர்க்க அவர் ‘கூறு’ என்பதைத் தேர்ந்தார்.

பெயரில் உள்ள ‘முதன்மை’ எதைக் கொண்டு அளக்கப்படுகிறது என்பதற்கு விடை, வேரியன்ஸ் என்ற அளவு. தமிழ்நாட்டுப் பள்ளி நூல்கள் இதை ‘விலக்க வர்க்கச் சராசரி’ என்கின்றன. ‘பரவற்படி’ என்ற சொல்லும் உண்டு. இலங்கையில் ‘மாறற்றிறன்’ என்பர். முதல் சொல் நீளமானதுதான். ஆனால் கணக்கிடும் வழியையே பெயராகக் கொண்டிருப்பதால், கணிதத்தில் தயக்கம் உள்ளவருக்கு அதைவிட நல்ல சொல் இல்லை என்பது என் கருத்து: சராசரியிலிருந்து ஒவ்வொரு மதிப்பும் எவ்வளவு விலகுகிறது என்று கண்டு, அந்த விலக்கங்களை வர்க்கப்படுத்தி, அவற்றின் சராசரியை எடுக்கிறோம். மாதிரித் தரவாக இருந்தால் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுப்பது வழக்கம்.

ஐந்து இலைகளின் நீளமும் அகலமும் சென்டிமீட்டரில் இவ்வாறு உள்ளன என்று கொள்வோம்: (14, 8), (6, 4), (11, 4), (9, 8), (10, 6). சராசரி நீளம் 10, சராசரி அகலம் 6. சராசரியைக் கழித்தால் (4, 2), (−4, −2), (1, −2), (−1, 2), (0, 0) என்ற விலக்கங்கள் கிடைக்கும். நீள விலக்கங்களின் வர்க்கங்கள் 16, 16, 1, 1, 0, கூட்டுத்தொகை 34, அதை 4-ஆல் வகுக்க 8.5. அகலத்துக்கு இதே வழியில் 4 வரும். நீள விலக்கத்தையும் அகல விலக்கத்தையும் இலைக்கு இலை பெருக்கிக் கூட்டி 4-ஆல் வகுத்தால் 3 வரும். இது இரண்டும் சேர்ந்து மாறும் அளவு, அதாவது உடன்மாறுபாடு. மூன்று எண்களையும் ஓர் அணியாக எழுதுவோம்:

```
8.5  3
3    4
```

இலைகளைப் புள்ளிகளாகக் குறித்து, ஏதேனும் ஒரு கோட்டின் மீது அவற்றின் நிழல்கள் செங்குத்தாக விழுவதாகக் கற்பனை செய்யுங்கள். நிழல்கள் மிக அகலமாகப் பரவும் கோடு எது? நீள அச்சின் மீது விழும் நிழல்களின் விலக்க வர்க்கச் சராசரி 8.5. நீளமும் அகலமும் சம அளவில் கலந்த (1, 1) திசையில் அது 9.25. நீளம் இரண்டு பங்கு, அகலம் ஒரு பங்கு என்ற (2, 1) திசையில் 10. வேறு எந்தத் திசையை எடுத்தாலும் 10-ஐ எட்ட முடியாது. ஆகவே (2, 1) என்பதே இந்த இலைகளின் முதல் முதன்மைக் கூறு.

ஒவ்வொரு திசையாகச் சோதிக்காமல் அதை நேரே கண்டுபிடிக்க உதவுவதுதான் ஐகன் திசையன். ‘ஐகன்’ ஜெர்மன் சொல். ‘தனக்கே உரிய’ என்று பொருள். இக்கணிதச் சூழலில் அதை 1904-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் கணிதவியலாளர் டேவிட் ஹில்பர்ட். ‘ஐகன்’ என்றே எழுதுவதில் தவறில்லை. எனினும் ‘தன்திசையன்’, ‘தன்மதிப்பு’ ஆகிய சொற்கள் மூலப்பொருளை அப்படியே தருவதால் நான் அவற்றையே விரும்புகிறேன்.

ஓர் அணியை ஒரு திசையோடு பெருக்கினால் பொதுவாக அந்தத் திசை திரும்பிவிடும். மேலுள்ள அணியை (1, 0) உடன் பெருக்கினால் (8.5, 3) வருகிறது, நீள அச்சு அகலத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. (1, 1) உடன் பெருக்கினால் (11.5, 7), இது நீளத்தின் பக்கம் சாய்கிறது. (2, 1) உடன் பெருக்கினால் (20, 10) கிடைக்கிறது; திசை சற்றும் மாறாமல் 10 மடங்காகியுள்ளது. அணி திருப்பாத இத்திசையே தன்திசையன். அந்த 10 மடங்கே தன்மதிப்பு. நிழல்களின் விலக்க வர்க்கச் சராசரியாக நாம் முன்பு கண்ட 10-உம் இதுவும் ஒன்றே.

இரண்டும் ஏன் ஒன்றாகின்றன? உடன்மாறுபாட்டு அணி ஒரு திசையை எந்தப் பக்கம் சாய்க்கிறதோ, அந்தப் பக்கம் திரும்பினால் நிழல்களின் பரவல் கூடும். எந்தப் பக்கமும் சாய்க்காத திசையில் சிறிது திரும்புவதால் பயன் இல்லை; அங்கே பரவல் உச்சத்தில் இருக்கும், அல்லது எல்லாவற்றிலும் குறைவாக இருக்கும். (இரண்டுக்கும் மேற்பட்ட அளவுகள் இருந்தால் இடைப்பட்ட நிலைகளும் வரும்.) நம் கணக்கில் அந்தக் குறைந்த பரவலுக்கு உரியது (1, −2) என்ற செங்குத்துத் திசை, அதன் தன்மதிப்பு 2.5.

இரு தன்மதிப்புகளின் கூட்டுத்தொகை 12.5. நீளத்தின் 8.5-உம் அகலத்தின் 4-உம் கூடினாலும் அதே 12.5, பரவல் குறையவில்லை, திசைகளுக்குள் வேறுவிதமாகப் பங்கிடப்பட்டுள்ளது. அதில் 80 விழுக்காடு முதல் கூறுக்கு உரியது. முதல் திசையில் நீளமும் அகலமும் சேர்ந்து வளர்வதால், அது இலை ஒட்டுமொத்தமாக எவ்வளவு பெரியது என்பதைச் சொல்கிறது. இரண்டாவதில் ஒன்று கூட மற்றது குறைவதால், அது வடிவத்தைச் சொல்கிறது. 11, 4 என்ற ஒடுங்கிய இலையும் 9, 8 என்ற அகன்ற இலையும் முதல் கூறில் ஒரே இடத்தில், பூச்சியத்தில், விழுகின்றன. இரண்டாவது கூறுதான் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. நம் நோக்கம் இலை வடிவத்தை ஆராய்வதானால், 20 விழுக்காடுதானே என்று இரண்டாவது கூறைக் கைவிடுவது பெரும்பிழை. ‘முதன்மை’ என்பது பரவலில் முதன்மை மட்டுமே.

அலகும் இம்முறையை ஏமாற்றும். இலைகளின் அகலத்தை மட்டும் மில்லிமீட்டரில் எழுதினால், அதன் விலக்க வர்க்கச் சராசரி 4-லிருந்து 400 ஆகிறது. உடன்மாறுபாடு 30 ஆகிறது. இலைகள் மாறவில்லை, ஆனால் முதல் கூறின் பங்கு 98 விழுக்காட்டைத் தாண்டுகிறது, அதன் திசையும் அகல அச்சை ஏறத்தாழ ஒட்டிவிடுகிறது. கூறின் திசையை நீளம் 1 ஆகுமாறு எழுதும்போது, அதில் ஒவ்வொரு நெடுவரிசையும் கலந்திருக்கும் அளவுகளான எடைகளில் ஒன்று மட்டும் 1-ஐ நெருங்கி மற்றவை பூச்சியத்தை ஒட்டியிருந்தால், முதலில் அலகுகளைத்தான் சரிபார்க்க வேண்டும். வெவ்வேறு அலகுகள் கொண்ட தரவில், ஒவ்வொரு நெடுவரிசையையும் அதன் திட்ட விலக்கத்தால், அதாவது விலக்க வர்க்கச் சராசரியின் வர்க்கமூலத்தால், வகுத்துவிட்டுத் தொடங்குவதே முறை. நம் இலைகளுக்கு அப்படிச் செய்தால் முதல் கூறின் பங்கு ஏறக்குறைய 76 விழுக்காடாக நிற்கும். அகலம் எந்த அலகில் எழுதப்பட்டிருந்தாலும் அது மாறாது.