ஜல்லிக்கட்டுச் சட்டம் முதலில் ஏன் விழுந்தது, அப்புறம் எப்படி நின்றது?

தமிழ்நாடு சட்டமன்றம் ஜல்லிக்கட்டுக்காக இரண்டு தடவை சட்டம் இயற்றியது. 2009இல் வந்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2014இல் செல்லாது என்றது. 2017இல் வந்ததை அதே நீதிமன்றம் 2023இல் செல்லும் என்றது. இடைப்பட்ட காலத்தில் காளை மாறவில்லை, வாடிவாசலும் மாறவில்லை. இதைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மெரினா போராட்டத்தைச் சொல்வார்கள். அந்தக் கூட்டம் அரசுகளை அசைத்தது உண்மைதான். ஆனால் கூட்டத்தைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்கை வெல்ல முடியாது. அங்கே பேசியது அரசமைப்புச் சட்டத்தின் 254ஆவது பிரிவு.

எந்த விஷயத்தில் யார் சட்டம் போடலாம் என்பதை நம் அரசமைப்பு ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ராணுவம், ரயில், வெளியுறவு போன்றவை ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் நாடாளுமன்றம் மட்டுமே சட்டம் போடலாம். காவல் துறை, நிலம், உள்ளாட்சி எல்லாம் மாநிலப் பட்டியல். மூன்றாவது, பொதுப் பட்டியல். அதில் உள்ளவற்றுக்கு இரண்டு தரப்பும் சட்டம் போடலாம். எந்தப் பட்டியலிலும் வராத விஷயம் ஒன்று புதிதாக முளைத்தால் அது ஒன்றியத்துக்கே போகும். அமெரிக்காவில் இது தலைகீழ்: அரசமைப்பு மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரம் அங்கே மாநிலங்களிடமோ மக்களிடமோ தங்கிவிடுகிறது.

முதல் இரண்டு பட்டியல்களில் சண்டை வந்தால், 'இது யாருடைய எல்லை?' என்பதுதான் கேள்வி. ஒரு சட்டம் அங்கங்கே பக்கத்து எல்லையைத் தொட்டாலும் நீதிமன்றம் அதன் சாரம் எதைப் பற்றியது என்று பார்த்து முடிவு செய்யும். பொதுப் பட்டியலில் சிக்கல் வேறு மாதிரி. இரண்டு பேருக்குமே அங்கே உரிமை உண்டு. ஒன்றியச் சட்டம் 'கூடாது' என்கிறது, மாநிலச் சட்டம் 'செய்யலாம்' என்கிறது. மாடு பிடிப்பவர் எதைக் கேட்பது?

254ஆவது பிரிவின் முதல் பகுதி இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறது: ஒன்றியச் சட்டமே நிற்கும், மாநிலச் சட்டம் எந்த அளவுக்கு முரண்படுகிறதோ அந்த அளவுக்குச் செல்லாது. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பது கணக்கில்லை.

2009ஆம் ஆண்டுச் சட்டம் விழுந்த இடம் இதுதான். விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுப்பது பொதுப் பட்டியலின் 17ஆவது இனம். அதன்கீழ் நாடாளுமன்றம் 1960லேயே மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றிவிட்டது. அந்தச் சட்டத்தின் 22ஆவது பிரிவு, சில விலங்குகளை வேடிக்கை காட்டப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தருகிறது. 2011 ஜூலையில் காளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டமோ, ஜல்லிக்கட்டை எப்படி நடத்தலாம் என்று ஒழுங்குபடுத்தும் தனிச் சட்டம். அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கப்படவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த உச்ச நீதிமன்றம், 2014 மே 7 அன்று மாநிலச் சட்டம் முரண்படுகிறது, செல்லாது என்றது.

ஒன்றிய அரசு 2016 ஜனவரியில் ஒரு அறிவிக்கை போட்டு ஜல்லிக்கட்டை அனுமதிக்கப் பார்த்தது. சில நாள்களிலேயே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்துவிட்டது. அறிவிக்கை போதவில்லை, சட்டத்தையே தொட வேண்டும் என்ற நிலை அப்போது வந்தது.

சரி, சட்டத்தை மாநிலம் எப்படித் தொடுவது? 254இன் இரண்டாம் பகுதியில் அதற்கு ஒரு கதவு இருக்கிறது. முரண்படும் மாநில மசோதாவை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி அனுப்பி, அவர் ஒப்புதல் தந்துவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மட்டும் மாநிலச் சட்டமே நிற்கும். எந்த ஒன்றியச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று குறிப்பிட்டு ஒப்புதல் கேட்க வேண்டும். பொத்தாம்பொதுவாக வாங்கிய ஒப்புதல், கேட்கும்போது சொல்லாத வேறொரு ஒன்றியச் சட்டத்துக்கு எதிராக உதவாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

2017இல் தமிழ்நாடு இந்தக் கதவைத்தான் தட்டியது. இந்தத் தடவை தனிச் சட்டம் போடவில்லை. 1960ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டத்தையே தமிழ்நாட்டளவில் திருத்தியது. ஜல்லிக்கட்டு என்றால் என்ன என்ற விளக்கத்தைச் சேர்த்தது, தடைப் பிரிவுகளிலிருந்து அதற்கு விலக்கு அளித்தது. சட்டமன்றம் கூடும் வரை காத்திருக்க நேரமில்லாததால் முதலில் அவசரச் சட்டம் வந்தது. இப்படி முரண்படும் அவசரச் சட்டத்தையும் ஆளுநர் தானாகப் பிறப்பித்துவிட முடியாது, குடியரசுத் தலைவரின் அறிவுறுத்தல் முன்கூட்டியே வேண்டும். அதனால்தான் அந்த வாரம் வரைவுகள் டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே பறந்தன. ஜனவரி 23 அன்று சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. மாத முடிவுக்குள் ஒப்புதல் வந்துவிட்டது.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும் விஷயம் ஒன்று உண்டு. ஒன்றியச் சட்டம் என்றால் நாடு முழுக்க ஒரே வாசகம் என்று நினைக்கிறோம். ஆனால் இப்போது வாளையார் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அதே 1960ஆம் ஆண்டுச் சட்டம் வேறு மாதிரி வாசிக்கப்படும்.

2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்தத் திருத்தத்தை ஏற்றது. அதன் சாரம் பொதுப் பட்டியலின் 17ஆவது இனத்துக்குள் வருகிறது, ஒப்புதலும் இருக்கிறது என்றது. இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒப்புதல் என்பது முரண் என்ற குற்றச்சாட்டுக்கு மட்டுமே கேடயம். மாட்டுக்கு வதை நடக்கிறதா, அடிப்படை உரிமை மீறப்படுகிறதா என்ற கேள்விகளிலிருந்து அது காப்பாற்றாது. அவற்றை நீதிமன்றம் தனியாக எடுத்துக்கொண்டது. திருத்தத்தோடு வந்த விதிகள் வதையைப் பெருமளவு குறைக்கின்றன, எனவே 2014இல் பார்த்த ஆட்டத்தோடு இதை அப்படியே ஒப்பிட முடியாது என்று கருதியது. அந்த விதிகள் களத்தில் மீறப்பட்டால் வழக்கு மறுபடி வரலாம்.

கதவு திறந்ததாலேயே பூட்டு போய்விட்டது என்றும் எண்ண வேண்டாம். மாநிலச் சட்டம் ஒப்புதல் பெற்ற பிறகும், அதே விஷயத்தில் நாடாளுமன்றம் புதிதாகச் சட்டம் போட்டு அதை மாற்றலாம், நீக்கவும் செய்யலாம் என்று 254 தெளிவாகவே சொல்கிறது. ஒப்புதல் தரும் குடியரசுத் தலைவரும் ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடப்பார். ஆக, பொதுப் பட்டியலில் மாநிலத்துக்குக் கிடைப்பது ஒன்றிய அரசு சம்மதிக்கும் வரைக்குமான இடம். ஒரு விஷயம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனால் 'இருவருக்கும் உரிமை' என்று கேட்க இனிமையாக இருக்கும், நடைமுறையில் மாநிலத்துக்கு அது இறக்கம்தான் என்பது என் கருத்து. 42ஆவது திருத்தம் 1976இல் கல்வியை அப்படித்தான் நகர்த்தியது.

அதன் விளைவைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். ஜல்லிக்கட்டு மசோதாவுக்கு ஒப்புதல் கிடைத்த அதே 2017இன் தொடக்கத்தில், மருத்துவச் சேர்க்கையில் நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு இரண்டு மசோதாக்களைத் தமிழ்நாடு நிறைவேற்றியது. அவையும் பொதுப் பட்டியல் விஷயம், அதே கதவு, அதே 254. மசோதாவை ஏற்க குடியரசுத் தலைவருக்குக் காலக்கெடு எதையும் 201ஆவது பிரிவு வைக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்றும் அதில் இல்லை. இரண்டுக்கும் ஒப்புதல் மறுக்கப்பட்டது. சட்டமன்றம் 2021இல் நீட் விலக்கு மசோதாவை மறுபடி நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரியில் சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. அதுவும் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.